பிரவுன், பிளாக், ரெட்

“இந்தப் பின்னுக்கு இல்லைன்னு சொல்லத் தெரியாது. அதான் பிரச்சினையே.”

“யாரைச் சொல்றே? உங்க சித்தி பொண்ணையா?”

“சிப்போட காலைச் சொல்றேன், கழுதை. இங்க பாரு.”

பதினோரு வருடங்களுக்கு முன்னால், மாலைநேரத் தொழிற்கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் நடந்த பேச்சு அது. அவள் மைக்ரோகன்ட்ரோலர் சிப் ஒன்றை உள்ளங்கையில் மல்லாக்கப் போட்டு, பென்சில் முனையால் அதன் ஒரு காலைத் தொட்டுக் காட்டினாள்.

“இதால கொடுக்க முடிஞ்சது கொஞ்சம்தான். ஆனா இந்த ரிலே சுவிட்ச் கேக்கறது முப்பது மில்லிஆம்ப். நேரா மாட்டினா, முடியாதுன்னு சொல்லாம கொடுத்துக் கொடுத்தே செத்துப்போகும். அதனால நடுவில ஒரு டிரான்சிஸ்டர். பின் தலையாட்டினா போதும், சுமையை அது தூக்கிக்கும்.”

“சரி. அப்புறம் எதுக்கு இந்த ரெசிஸ்டர்?”

“டிரான்சிஸ்டரும் லேசுப்பட்டதில்லை. அதோட வாய் திறந்துட்டா எவ்வளவு ஊத்தினாலும் குடிக்கும். ஆயிரம் ஓம் ரெசிஸ்டரை வழியில வெச்சா நாலு மில்லிஆம்ப்தான் போகும். பின் பிழைச்சுக்கும். அப்புறம் ரிலேயோட காயிலுக்குக் குறுக்கே ஒரு டயோடு, தலைகீழா. கரண்ட்டை வெட்டின உடனே காயிலுக்குக் கோபம் வரும், நூறு வோல்ட், இருநூறு வோல்ட்னு எகிறும். அந்தக் கோபம் டயோடு வழியா சுத்திச் சுத்தி அடங்கிடும், டிரான்சிஸ்டர் மேல பாயாது.”

“ஒரு காலுக்கு இத்தனை காவலா? எனக்கு ஒண்ணுகூட இல்லையேம்மா.”

“உனக்கு எதுக்கு? நீதான் எதைக் கேட்டாலும் முதல்ல இல்லைங்கறியே.”

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்குமளவுக்கு அவன் சிரித்தான். கட்டினால் இவளைத்தான் என்று அன்று பேருந்தில் நின்றுகொண்டே முடிவு செய்தான். அவளிடம் அதைச் சொல்ல இன்னும் எட்டு மாதம் பிடித்தது. எதையும் வாய்விட்டுக் கேட்பதற்கு அவனுக்கு எப்போதுமே அவ்வளவு நாள் ஆகும்.

இப்போது மூன்று நாட்களாக அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

வீடு என்பது மாடியில் இரண்டு அறைகள். உள்ளறையில் படுக்கை, அடுப்பு, துணி. முன்னறை முழுவதும் பட்டறை. ஜன்னலோர மேசை அவனுடையது. ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் வேலை, பெட்டியில் பொருத்துவது, கொண்டுபோய் மாட்டிவிட்டு வருவது எல்லாம் அவன் பொறுப்பு. சுவரோர மேசையில் கணினியோடு அவள். சர்க்யூட் வரைவதும் புரோகிராம் எழுதுவதும் அவள் வேலை. முட்டை பொரிக்கும் இயந்திரங்களுக்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு செய்து கொடுப்பதுதான் அவர்கள் பிழைப்பு. அவளை ‘இன்ஜினியரம்மா’ என்று அவன் கூப்பிடுவான். ‘சொல்லுங்க, சால்டர் சக்கரவர்த்தி’ என்று அவள் பதில் கொடுப்பாள். அந்த மூன்று நாட்களில் அதுவும் நின்றுபோயிருந்தது.

முட்டைக்காரம்மாவின் பண்ணையில் ஒரு இயந்திரம் நின்றுவிட்டது. ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு இரண்டு இயந்திரங்கள் வைத்துக் குஞ்சு பொரித்து விற்கும் அம்மாள் அவர். மாட்டி ஆறு வாரம்கூட ஆகவில்லை. இயந்திரம் நின்றது என்றுகூடச் சொல்ல முடியாது, அதுதான் கொடுமை. சின்னத் திரையில் ‘ஹீட்டர் ஆன்’ என்றே வந்துகொண்டிருந்தது. வெப்பம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. பஸர் கத்தியபோது முட்டைக்காரம்மா வந்து பார்த்தார். ஹீட்டர்தான் ஓடுகிறதே, கதவு சரியாகச் சாத்தவில்லை போலும் என்று கதவை அழுத்திச் சாத்தி, பஸரை அணைத்துவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தபோது உள்ளே எல்லாம் சில்லிட்டிருந்தது. பதினெட்டாம் நாள் முட்டைகள். மூன்று நாளில் வெளியே வந்திருக்க வேண்டியவை.

பழுதான போர்டு அவள் மேசைமேல் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மூன்றாம் நாளாக வானம் அழுக்குத் துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

“ரிலே நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அவள், பாதி தனக்குத்தானே. ஐந்து வோல்ட்டை வேறொரு ரெசிஸ்டர் வழியாக டிரான்சிஸ்டரின் வாயான பேஸில் தொட்டுக் காட்டினாள். ரிலே ‘டக்’ என்றது. எடுத்தாள், ‘டக்’. “டிரான்சிஸ்டர் நல்லா இருக்கு. டயோடு நல்லா இருக்கு, சரியான பக்கம்தான் போட்டிருக்கே. பின்தான் போச்சு. புரோகிராம் ஆன் பண்ணுங்குது, கால்ல அரை வோல்ட்கூட வரலை. சிப்புக்குத் தான் ஆன் பண்ணிட்டதா நினைப்பு. அதான் திரையில அப்படி எழுதிட்டிருந்திருக்கு.”

“ம்.”

“பின் சும்மா சாகாது. ஒண்ணு அதுகிட்ட ஜாஸ்தி கேட்டிருக்கணும், இல்லைன்னா வெளியிலேர்ந்து ஏதாவது அடிச்சிருக்கணும். அந்த ரெசிஸ்டரைக் கொஞ்சம் படி. ஆயிரம்தானே?”

அவள் கணினியைப் பார்த்தபடியே போர்டை அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கி விளக்கடியில் பிடித்தான். அரிசியைவிடச் சற்று நீளமான உருளை. அதன்மேல், எத்தனை ஓம் என்பதை நிறத்தால் சொல்லும் வளையங்கள். முதல் வளையம் பழுப்பு. அடுத்தது கறுப்பு. மூன்றாவது…

மூன்றாவது வளையம் அவனுக்குத் தெரிந்தது, நிறம்தான் தெரியவில்லை. காய்ந்துபோன எதுவோ ஒன்றின் நிறம். சிவப்பு என்றால் சிவப்பு, இல்லையென்றால் இல்லை.

“பிரவுன், பிளாக், ரெட்,” என்றான். “ஆயிரம்.”

பதினோரு வருடமாக அந்த இடத்தில் அதைத்தான் சொல்லி வந்திருக்கிறான். கண் சொல்லவில்லை, வாய்தான் மனப்பாடமாகச் சொன்னது. சொன்ன மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்தது, இது மனப்பாடம் இல்லை, பொய் என்று.

அவள் தலையாட்டிக்கொண்டாள். சந்தேகமே படவில்லை. இவன் ரெசிஸ்டர் படித்து அவள் சரிபார்த்த வழக்கமே கிடையாது.

“அப்போ என் புரோகிராம்தான்,” என்றாள். குரல் தணிந்து, தேய்ந்துபோயிருந்தது. “ரெண்டு மாசம் முன்னாடி மாத்தினேன், ஞாபகம் இருக்கா? அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை இருந்ததை அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை ஆன், ஆஃப் பண்ற மாதிரி. சூடு சீரா இருக்கும்னு பெருமையா சொன்னேனே. ஓயாம தட்டித் தட்டி அந்தக் காலை நானே கொன்னுட்டேன்.”

“டயோடு இருக்கே. அதைத் தாண்டி எப்படி வரும்?”

“வரக் கூடாது. ஆனா வந்திருக்கே. வேற என்ன இருக்கு, நீயே சொல்லு.”

அவன் போர்டை அவள் மேசைமேல் திருப்பி வைத்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால், தெருமுனையில் போக்குவரத்து விளக்கு எரிகிறதா இல்லையா என்று புரியாமல் ஒருநாள் நின்றபோதுதான் அவனுக்கு முதலில் உறைத்தது. எழுத்து தெரிந்தது, முகம் தெரிந்தது, சிவப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. சால்டர் கம்பி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் அவன் வயதுக்காரர்தான். புள்ளிகள் நிறைந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் எண்ணைக் கேட்டார். பல படங்களில் அவனுக்கு எண் எதுவும் தெரியவில்லை. “கண்ணுல கோளாறு இல்லை, கண்ணுக்குப் பின்னாடி நரம்புல,” என்றார் டாக்டர். “இன்னும் சில சோதனை பண்ணணும். சொட்டு மருந்து விடுவோம், அன்னிக்கு முழுக்க மங்கலா இருக்கும். பேசவும் நிறைய இருக்கு. வீட்லேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வாங்க. தனியா வராதீங்க.”

யாரையாவது என்றால் அவனுக்கு இருப்பது ஒருத்திதான்.

எத்தனையோ முறை வாய்வரை வந்தது. ஒருமுறை அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், இவன் பின்னால் போய் நின்றான். “என்ன?” என்று திரும்பினாள். “தண்ணி,” என்றான். குடம் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. “மகாராஜாவுக்கு மோந்து வேற கொடுக்கணுமோ?” என்று கேட்டுக்கொண்டே கொடுத்தாள். தாகமில்லாத தண்ணீரைக் கடைசி மடக்குவரை குடித்தான்.

அவன் அப்பாவுக்கு ஐம்பது வயதில் பார்வை போயிற்று. அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடம் அம்மா அவர்முன் தட்டை வைத்த விதம் அவன் காதில் இன்னும் இருக்கிறது. தட்டு தரையில் மோதும் அந்தச் சத்தம். அம்மா கெட்டவள் இல்லை, களைத்துப்போனவள். “எனக்குன்னு வாய்ச்சுது பாரு,” என்று யாரிடமும் இல்லாமல் சுவரிடம் சொல்வாள். அப்பா சுவர் இருக்கும் திசையில் புன்னகைப்பார். அந்தத் தட்டை இவள் கையில் கொடுத்துவிடுவோமோ என்பதுதான் அவன் பயம். கண்ணைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை.

கீழே அவள் அண்ணனின் கார் ஹாரன் ஒலித்தது. அவளுடைய அண்ணன் ஒரு பெரிய அலுவலகத்தில் மேலாளர். தங்கை பட்டறையில் உட்கார்ந்து சால்டர் புகை குடிப்பது அவருக்கு என்றுமே பிடித்ததில்லை.

“நான்தான் வரச் சொன்னேன்,” என்றாள் எழுந்துகொண்டே. “அவங்க ஆபீஸ்ல கணக்குப் பிரிவுல ஒரு இடம் இருக்காம். போலாம்னு இருக்கேன்.”

“என்னது?”

“இனிமே புரோகிராம் எழுதறதா இல்லை. உயிர் இருக்கற இடத்துல எழுதிட்டு இப்படி ஆச்சுன்னா? நாளைக்குப் பண்ணையில போய் நடந்ததைச் சொல்லிட்டு, ரெண்டாவது மிஷின்ல பழைய புரோகிராமை ஏத்திட்டு வந்துடலாம். அதோட சரி.”

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். படிகளில் அவள் காலடி ஒரு வயதானவளுடையதைப்போல ஒலித்தது.

அவள் குரல் தெருவுக்குப் போய்ச் சேர்ந்ததும், அவன் மீட்டரை எடுத்தான். இரண்டு ஊசிகளையும் ரெசிஸ்டரின் இரு முனைகளில் வைத்தான்.

தொண்ணூற்றெட்டு.

ஆயிரம் இல்லை. நூறு. பிரவுன், பிளாக், பிரவுன்.

நாலு மில்லிஆம்ப் கேட்க வேண்டிய இடத்தில் முப்பதை ஒட்டிக் கேட்டிருக்கிறது. மாட்டிய நாளில் வேலை செய்திருக்கும். ஒரு மணி நேரம் அவள் ஓட்டிப் பார்த்தபோதும் செய்திருக்கும். இல்லை என்று சொல்லத் தெரியாத அந்தக் கால், ஒவ்வொரு முறையும் தன் சக்திக்கு மீறிக் கொடுத்து, ஆறு வாரத்தில் தீர்ந்துபோயிருக்கிறது.

எப்படி நடந்தது என்பது உடனே விளங்கியது. இரண்டரை மாதத்துக்கு முன்னால் அவள் வெளியே போயிருந்தபோது, ரெசிஸ்டர் பெட்டி அவன் கைதவறி விழுந்தது. நூறும் ஆயிரமும் பக்கத்துப் பக்கத்து அறைகள். உதிரி ரெசிஸ்டர்கள் தரை முழுக்கக் கலந்து கிடந்தன. ஒவ்வொன்றாக மீட்டரில் பார்த்துப் பிரித்திருக்கலாம். ஆனால் பார்வையிலேயே ரெசிஸ்டர் படிக்கிறவன் என்று பேர் வாங்கியவன் மீட்டரோடு தரையில் உட்கார்ந்திருப்பதை அவள் வந்து பார்த்தால், ஏன் என்று கேட்பாள். அதனால் முழங்காலிட்டு, விளக்கைக் கிட்டே இழுத்து, கண்ணாலேயே பிரித்தான். இது ரெட், இது பிரவுன், இது ரெட். ஊகத்தில் பிரித்து இரண்டு அறைகளிலும் போட்டு மூடினான்.

இப்போது ஆயிரத்தின் அறையைத் திறந்து பத்தை எடுத்து அளந்தான். ஆறு ஆயிரம், நாலு நூறு.

கீழே அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்து அவன் செய்தது நினைத்துச் செய்ததில்லை. சால்டரிங் இரும்பைச் சூடாக்கி, அந்த நூறைக் கழற்றி, மீட்டரில் அளந்த ஆயிரம் ஒன்றை அங்கே வைத்து ஒட்டினான். நாலு நிமிட வேலை. கழற்றியதை ஜன்னல் வழியே கீழே வீசினான். சிப் சாக்கெட்டில்தான் உட்காரும், அதை அவளே மாற்றுவாள். போர்டு ஓடும். யாருக்கும் எதுவும் தெரியாது. அவள் தன் புரோகிராம்தான் கொன்றது என்று நம்பிக்கொண்டு கணக்குப் பிரிவில் போய் உட்காருவாள்.

அவள் மேலே வந்தபோது அவன் கைகழுவிக்கொண்டிருந்தான். அறையில் புதுச் சால்டரின் வாசம்.

“என்ன பண்ணினே?”

“சும்மா, ரெண்டு ஒட்டு லூஸா இருந்துது. தொட்டு விட்டேன்.”

“நல்லதாப் போச்சு,” என்றாள்.

மறுநாள் காலை தூறலில் பேருந்தேறிப் போனார்கள். கொட்டகையின் தகரக் கூரைமேல் தூறல் ஒரே சீராகப் பொரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஈரத்தவிடும் இறகும் கலந்த நாற்றம். முட்டைக்காரம்மா தாழ்வான ஸ்டூலில் உட்கார்ந்து, செத்த முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் இறகு முளைத்த, கண் மூடிய முழுக்குஞ்சு.

“வாங்க,” என்றார் நிமிராமல். “எந்தக் கட்டத்துல போச்சுன்னு பாக்கறேன். எல்லாம் ஒரே கட்டம்தான். இதோ பாருங்க தம்பி, மூக்கெல்லாம் வந்தாச்சு. கொத்தறதுதான் பாக்கி.”

அவன் பார்த்தான். குஞ்சின் நனைந்த இறகு என்ன நிறமென்று அவனுக்குத் தெரியவில்லை.

“அம்மா, என் தப்பு,” என்றாள் அவள். நின்றுகொண்டே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். “நான் எழுதின புரோகிராம் ஓயாம ரிலேயைத் தட்டித் தட்டி, சிப்போட காலை எரிச்சிட்டுது. இவர் வேலையில குறை இல்லை. என்னுதுதான்.”

முட்டைக்காரம்மா முதன்முறையாக நிமிர்ந்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். “எனக்கு அதெல்லாம் புரியாதும்மா. ‘ஹீட்டர் ஆன்’னு போட்டிருந்துது. நான் படிச்சேன், நம்பினேன். எழுதியிருந்தா நம்பறதுதானே?”

அவள் தோளிலிருந்து கைப்பையை இறக்கினாள்.

“சரி, அடுத்ததைப் பாருங்க,” என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. “அதுல பன்னெண்டாம் நாள். அதுவும் போச்சுன்னா நான் கடையைச் சாத்திட்டு மக வீட்டுக்குப் போய் அவ மாமியார்கூடச் சண்டை போட்டுட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்.”

இரண்டாவது இயந்திரம் மூலையில் மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அவள் மடிக்கணினியைத் திறந்து, கம்பியை மாட்டி, பழைய புரோகிராமை ஏற்றினாள். ரிலே ‘டக்’ என்றது. ஹீட்டர் விளக்கு எரிந்தது. “முடிஞ்சுது,” என்றாள். “இனி அரை நிமிஷத்துக்கு ஒரு தடவைதான். நிக்காது.”

அவன் அந்தப் பெட்டியைப் பார்த்தான். அதே வாரத்தில், ரெசிஸ்டர் பெட்டியின் அதே அறையிலிருந்து எடுத்து ஒட்டிய போர்டு. உள்ளே இன்னொரு கால், இந்த நிமிடமும் கேட்டதையெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கும். பெட்டிக்கு அந்தப் பக்கம், கண்ணாடிக்குப் பின்னால், வரிசை வரிசையாக முட்டைகள். அவள் கம்பியைச் சுருட்டிக் கைப்பையில் வைத்து, “கிளம்பலாமா?” என்றாள்.

“இரு,” என்றான். “மீட்டரை எடு.”

“எதுக்கு?”

“அந்தப் பின்னுல எவ்வளவு வருதுன்னு பாரு. ரிலே ஆன்ல இருக்கறப்பவே.”

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்தாள். ஆனால் எடுத்தாள். ஊசியைக் காலில் வைத்தாள். ஐந்தை ஒட்டி வர வேண்டிய இடத்தில் மூன்றே சொச்சம் வந்தது. அவள் புருவம் சுருங்கியது. ஊசியை எடுத்து மறுபடி வைத்தாள். அதே எண்.

“இதுவும் தொய்யுதே,” என்றாள் மெதுவாக. “புரோகிராம் எதுவா இருந்தாலும் வோல்ட் இப்படித் தொய்யாதே. இது ஜாஸ்தி கேக்குது.” பிறகு, “அம்மா, பத்து நிமிஷம் இதை நிறுத்தணும். தாங்குமா?”

“பத்துன்னா தாங்கும். பதினஞ்சு ஆக்கிடாதே, தாயி.”

மின்சாரத்தை நிறுத்தினார்கள். முனகல் அடங்கியதும் தகரத்தின் மேல் மழை இருமடங்காகக் கேட்டது. அவள் ரெசிஸ்டரின் இரு முனைகளில் ஊசிகளை வைத்தாள்.

“நூத்தியொண்ணு.” குனிந்து பார்த்தாள். “பிரவுன், பிளாக், பிரவுன். நூறைப் போட்டிருக்கே! நேத்து அந்தப் போர்டுல நீ…” அவள் நிறுத்தினாள். “ரெட்டுனு படிச்சியே.”

“ஆமா.”

“அது ரெட்டா, இல்லையா?”

“இல்லை. அதுவும் நூறுதான். நீ கீழே போனப்ப அளந்து பாத்தேன். கழட்டி மாத்திட்டேன்.”

“மாத்திட்டு?”

“சொல்லலை.”

“நான் இங்க வந்து இந்த அம்மாகிட்ட என் தப்புனு சொன்னப்பவும் பக்கத்துல நின்னுட்டுத்தானே இருந்தே?”

“நின்னுட்டுத்தான் இருந்தேன்.”

அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவள் கையை நீட்டினாள். அவன் தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்த, இரவில் ஒவ்வொன்றாக அளந்து வைத்த ஆயிரங்களைக் கொடுத்தான். அவள் அதில் ஒன்றை எடுத்து, தன் மீட்டரில் தானும் ஒருமுறை அளந்தாள். பதினோரு வருடத்தில் முதல் தடவை.

நீட்டிப்புக் கம்பியில் இரும்பைச் செருகினார்கள். சூடேறக் காத்திருந்த நேரத்தில் புதுச் சிப் ஒன்றில் புரோகிராமை ஏற்றி, பழையதை நெம்பியெடுத்துவிட்டு அதை வைத்தாள். “தொய்ஞ்சதை நம்ப முடியாது,” என்றாள், அவனிடமில்லை, போர்டிடம். பிறகு அவளே சால்டர் செய்தாள். அவன் டார்ச் பிடித்தான்.

“டார்ச்சை நான் பிடிக்கறேனே, தம்பி,” என்றார் முட்டைக்காரம்மா.

“அவரே பிடிக்கட்டும்,” என்றாள் அவள், தலை தூக்காமல்.

ஹீட்டர் ரெசிஸ்டரை மாற்றினாள். உள்ளே காற்றைச் சுற்றிவிடும் விசிறியின் ரெசிஸ்டரையும் அளந்தாள், அது ஆயிரம்தான். மின்சாரம் வந்தது. ‘டக்.’ ஹீட்டர் விளக்கு எரிந்தது. ஊசியை வைத்தாள். நாலு புள்ளி ஒன்பது. அந்த எண் திரையில் அசையாமல் நின்றதை மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

“பன்னெண்டு நிமிஷம்,” என்றார் முட்டைக்காரம்மா. கண்ணாடிக் கதவில் உள்ளங்கையை வைத்துச் சூட்டைப் பார்த்தார். “இது பிழைச்சுக்கும்.”

“அம்மா,” என்றான் அவன். “முன்னாடி செத்தது இவ தப்பில்லை. நான் தப்பா ஒட்டினது. எனக்குச் சிவப்பு தெரியலை. நாலு மாசமாத் தெரியலை. பிரவுனும் ரெட்டும் ஒண்ணாத் தெரியுது. தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லலை.”

முட்டைக்காரம்மா கதவிலிருந்து கையை எடுத்தார். “அத்தனையும் உசுரு, தம்பி,” என்றார். அதற்குமேல் திட்டவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. போய்த் தன் ஸ்டூலில் உட்கார்ந்து, அடுத்த முட்டையைக் கையில் எடுத்தார்.

பேருந்து நிறுத்தத்தில் ஒரு தகரச் சாய்ப்பும் சிமென்ட் பெஞ்சும் இருந்தன. பெஞ்சின் ஒரு கோடியில் அவள், மறுகோடியில் அவன். நடுவில் கருவிப் பை. அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதிக்கொண்டிருந்தாள். வரும் வழியில் அவன் சொல்லியிருந்த, ரெசிஸ்டர் பெட்டி கவிழ்ந்த அந்த நாளுக்குப் பிறகு போன போர்டுகள் எவை, யாரிடம், எந்தப் பக்கம்.

“பதினேழு,” என்றாள். “இன்னிக்கே எல்லாருக்கும் போன் பண்ணணும். நாளையிலேர்ந்து வீடு வீடாப் போகணும்.”

“நான் போறேன்.”

“நீ போய் என்ன பாப்பே?” என்றாள் சட்டென்று. சொன்ன பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். பேனா நின்றது. “நாலு மாசமா, ஒரே படுக்கையில படுத்துக்கிட்டு. நான் யாரு உனக்கு? பக்கத்து வீட்டுக்காரியா?”

“இல்லை.”

“அப்போ ஏன்?”

மழை சாய்ப்பின் விளிம்பிலிருந்து கயிறு கயிறாக இறங்கியது. தூரத்தில் ஒரு பேருந்து தெரிந்தது, அவர்களுடையதா என்று அவனால் சொல்ல முடியவில்லை. அப்பாவின் தட்டைப் பற்றிச் சொல்ல நினைத்தான். அம்மாவின் குரலைப் பற்றி, தாகமில்லாமல் குடித்த தண்ணீரைப் பற்றி. அதெல்லாம் நீளமாக இருந்தது. அவள் காத்துக்கொண்டிருந்தாள். கோபத்தோடுதான், ஆனால் அவன் பக்கமே திரும்பி உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தாள்.

“கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன்,” என்றான். “வீட்லேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வரச் சொன்னாங்க.” அவளைப் பார்த்தே கேட்டான்:

“என்கூட வர்றியா?”